நான்கு கோணங்களும் ஒரு மணி நேரப் பிழையும்

லண்டனில் 1970 ஜனவரி 15 அன்று கடிகாரம் காலை 9 மணி காட்டியபோது ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். மேற்கத்திய முறையில் அதன் ஜாதகத்துக்கு முதலில் தேவை, சூரியன் ஆண்டு முழுவதும் செல்லும் பாதை அந்த நிமிடத்தில் அடிவானத்தை எங்கே தொடுகிறது என்பது. அது கிழக்கே எழும் புள்ளி அசெண்டண்ட், நாம் லக்னம் என்பதே. இங்கே மகரம் 23 பாகை. நேர் எதிரே மேற்கில் மறையும் கடகம் 23 பாகை டிசெண்டண்ட்.

அதே பாதை வடக்கு-தெற்கு உச்சிக்கோட்டைக் கடக்கும் இடம் மிட்ஹெவன்: விருச்சிகம் 27 பாகை. இது தலைக்கு மேலே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் காலையில் அது தெற்கு வானில், அடிவானத்திலிருந்து 19 பாகை உயரத்தில்தான் இருந்தது. அதற்கு எதிரே பூமிக்கடியில் ரிஷபம் 27 பாகையில் இமம் கோயலி.

லக்னத்துக்கும் மிட்ஹெவனுக்கும் இடையே 90 பாகை இருக்க வேண்டும் என்பதும் தவறு. இங்கே 56 பாகைதான். சூரியப் பாதை சாய்ந்திருப்பதாலும் லண்டன் வடக்கே 51.5 பாகையில் இருப்பதாலும் இந்த இடைவெளி நாள் முழுவதும் விரிந்து சுருங்கும். அதனால் மகரத்தை முதல் வீடாக வைத்து முழு ராசிகளை எண்ணினால், மிட்ஹெவன் பத்தில் அல்ல, பதினொன்றில் விழும்.

பலன் சொல்லும் மரபில் லக்னம் உடலையும், ஒருவர் பிறருக்கு முதலில் தென்படும் விதத்தையும் குறிக்கும். டிசெண்டண்ட் வாழ்க்கைத் துணை, கூட்டாளி, நேருக்கு நேர் நிற்கும் எதிரி. மிட்ஹெவன் தொழிலும் ஊரறிந்த பெயரும். இமம் கோயலி வீடு, பெற்றோர், வேர். இவை மரபின் விளக்கங்கள், வானியல் நிரூபித்தவை அல்ல. புள்ளிகளின் இடம் மட்டும் துல்லியமான கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நேரம்தான். 1968 பிப்ரவரி முதல் 1971 அக்டோபர் வரை பிரிட்டனில் குளிர்காலத்திலும் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட ஒரு மணி முன்னே ஓடியது. எனவே நம் குழந்தையின் கிரீன்விச் நேரம் 8 மணி. இதை மறந்து 9 என்றே போட்டால் லக்னம் கும்பம் 15 பாகைக்கும், மிட்ஹெவன் தனுசு 11 பாகைக்கும் தாவிவிடும். எதிர்ப்புள்ளிகளும் கூடவே நகரும். நான்கும் ராசி மாறிவிட்டன. ஆனால் சூரியனோ, அந்த ஒரு மணியில் பாகையில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும்.

பிழையைப் பிடிக்க சூரியனையே பாருங்கள். அன்று அது மேற்கத்திய கணக்கில் மகரம் 25 பாகையில் இருந்தது. லண்டனில் ஜனவரி நடுவில் சூரிய உதயம் கிரீன்விச் நேரப்படி ஏறத்தாழ 8 மணி. உதய நேரத்தில் பிறந்தவருக்குச் சூரியன் லக்னத்தை ஒட்டியே நிற்கும். சரியான கணக்கில் வித்தியாசம் 2 பாகை. தவறான கணக்கில் சுமார் 20 பாகை. நண்பகல் பிறப்பென்றால் மிட்ஹெவனோடும், நள்ளிரவென்றால் இமம் கோயலியோடும் ஒப்பிடுங்கள்.

பிறப்புப் பதிவில் நேரம் சில நிமிடம் தவறினாலும் இந்தச் சோதனையில் தெரியாது. 4 நிமிடத்துக்கு மிட்ஹெவன் சுமார் ஒரு பாகை நகரும். லண்டன் ஜனவரிக் காலையில் லக்னம் அதைவிட வேகமாக, ஒன்றரை பாகை ஓடும்.