ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் மூன்று வரிகள்

கடலூரில் வழக்கறிஞராக இருக்கும் என்னிடம் கொடுக்கல் வாங்கல் தகராறோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது கையில் பத்திரம் கொண்டுவருவதில்லை. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுகிறார்கள். அதில் இருக்கும் பேச்சை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். பேச்சுக்கு நடுவே செயலி தானாகப் போடும் சிறிய அறிவிப்பு வரிகளைத்தான் தப்பாகப் படிக்கிறார்கள். ஒரு வழக்கை வைத்து அதை விளக்குகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா. புதுச்சேரியில் இனிப்புக் கடை வைத்திருப்பவருக்குப் பத்து கிலோ டின்னாக 40 டின் முந்திரிப் பருப்பைக் கடனுக்கு அனுப்பினார். மொத்தம் 2,80,000 ரூபாய். பணம் வரவில்லை. போன் போட்டால், "எனக்குச் சரக்கே வரலையேக்கா" என்கிறார் கடைக்காரர். அம்மா காட்டிய ஸ்கிரீன்ஷாட்டில் மேலிருந்து கீழாக இருந்தவை இவை. தலைப்பில் "பாண்டி ஸ்வீட்" என்ற பெயர். அதன் கீழே, செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை என்ற மஞ்சள் பட்டை. பிறகு இடப்பக்கம் காலை 10:42 நேரத்தோடு This message was deleted. அதன் கீழே வலப்பக்கம், 10:45க்கு அம்மா அனுப்பிய பதில். அடுத்து, குறித்த நேரம் ஆனதும் செய்திகள் தானாகவே அழிந்துபோகும் 'மறையும் செய்திகள்' வசதியை எதிர்த்தரப்பு 24 மணி நேரத்துக்கு இயக்கியதாக ஓர் அறிவிப்பு. கடைசியாக வலப்பக்கம், என்னிடம் வருவதற்கு முந்தைய இரவு நேரத்தோடு You deleted this message.

"எல்லாத்தையும் அழிச்சிட்டான் சார், லாக் வேற போட்டிருக்கான்" என்றார் அம்மா. லாக் என்று அவர் சொன்னது மஞ்சள் பட்டையை. அந்தப் பட்டையை யாரும் போடுவதில்லை. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் உரையாடல்கள் எல்லாமே இப்படித்தான் மறையாக்கத்தோடு போகின்றன, உரையாடலின் தொடக்கத்தில் செயலியே அதைச் சொல்லிவிடுகிறது. செய்தி ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகும் வழியில் யாரும், அந்த நிறுவனமே கூட, அதைப் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். பெற்றுக்கொண்டவர் அதைப் பிறரிடம் காட்டக் கூடாது என்றோ, நீதிமன்றத்தில் வைக்கக் கூடாது என்றோ அதற்குப் பொருள் இல்லை. தலைப்பில் உள்ள பெயருக்கும் அது உத்தரவாதம் தருவதில்லை. "பாண்டி ஸ்வீட்" என்பது அம்மாவின் போனில் அம்மா பதிந்த பெயர். எந்த எண்ணையும் எந்தப் பெயரிலும் பதியலாம். அந்தப் பெயரைத் தட்டினால் வரும் தொலைபேசி எண்தான் வழக்குக்குப் பயன்படும், அது ஸ்கிரீன்ஷாட்டில் இல்லை.

அந்தப் பட்டையால் நமக்கு ஒரு நட்டமும் உண்டு. "கம்பெனிக்கு எழுதி அழிச்சதை எடுத்துடலாம்ல சார்?" என்று கேட்காதவர்கள் குறைவு. எடுக்க முடியாது. படிக்கக்கூடிய நகல் அவர்களிடம் இல்லை. இருப்பதெல்லாம் இரண்டு போன்களிலும், யாராவது காப்பு நகல் எடுத்திருந்தால் அதிலும்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு ஆண்டு வியாபாரம் என்கிறார், ஆனால் பட்டைக்கு அடுத்தபடியாகவே சென்ற மாதத் தேதி நிற்கிறது. பழைய பேச்செல்லாம் எங்கே? கேட்டபோதுதான், மகன் புதுப் போன் வாங்கித் தந்ததும், காப்பு நகலை மீட்காமலே புதிதாகத் தொடங்கியதும் தெரிந்தது. நான் கேட்காவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்டிருப்பார். பழைய போன் வீட்டில் இருந்தது. அதைத் தொடாமல் எடுத்து வைக்கச் சொன்னேன்.

இப்போது அழிக்கப்பட்ட செய்திக்கு வருகிறேன். இடப்பக்கக் குமிழி என்றால் எதிரில் இருப்பவர் அனுப்பியது. This message was deleted என்றால் அவர் அனுப்பிவிட்டு எல்லோருக்குமாக அழித்திருக்கிறார். பக்கத்தில் உள்ள 10:42 அவர் அனுப்பிய நேரம், அழித்த நேரம் இல்லை. அழித்த நேரத்தைச் செயலி காட்டுவதே இல்லை. ஆனாலும் ஓரளவு கணக்கிடலாம். அம்மாவின் 10:45 பதில், அந்தச் செய்தியையே மேற்கோளாகப் பிடித்து அனுப்பிய பதில். மேலே சாம்பல் கட்டத்தில் கடைக்காரரின் வாசகம் அப்படியே நிற்கிறது: "சரக்கு 40 டின் வந்துடுச்சுக்கா. 15ஆம் தேதி பணம் போட்டுடுறேன்." அதன் கீழே அம்மாவின் "சரிப்பா", இரண்டு நீல டிக். அழித்த செய்திக்கு மேற்கோள் பதில் போட முடியாது. ஆகவே 10:45 வரை அந்தச் செய்தி இருந்திருக்கிறது. எல்லோருக்குமாக அழிக்க வாட்ஸ்அப் தரும் அவகாசம் இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். அதற்குள் எப்போதோ அழித்திருக்கிறார். மூலச் செய்தியை அழித்தாலும் பதிலில் பிடித்த மேற்கோள் போவதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

அம்மா இந்தச் சாம்பல் கட்டத்தைக் கவனிக்கவே இல்லை. அழிந்த வரியைக் காட்டித்தான் அழுதார்.

"அந்த 24 மணி நேரம் போட்டதாலதான் எல்லாம் போச்சு" என்றும் நினைத்திருந்தார். மறையும் செய்திகள் முன்னோக்கி மட்டுமே வேலை செய்யும். அறிவிப்பு வரிக்குக் கீழே வருபவை மறையும், மேலே இருப்பவை நிற்கும். இருவர் உரையாடலில் யார் வேண்டுமானாலும் அதை இயக்கலாம், 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று அளவுகள் உண்டு. மறைந்த செய்தியின் இடத்தில் எந்தத் தடயமும் இருக்காது, அழிக்கப்பட்டது என்ற வரிகூட வராது. அறிவிப்புக்குப் பிறகு கடைக்காரர் இரண்டு நாள் ஏதேதோ எழுதினார் என்கிறார் அம்மா. அதற்குச் சான்று அவருடைய சொல் மட்டுமே. இப்படியோர் அறிவிப்பைப் பார்த்தால் அன்றைக்கே இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்துவிடுங்கள், வழக்கறிஞரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வலப்பக்கத்து You deleted this message அம்மாவே அழித்தது. ஆத்திரத்தில் ஒரு குரல் பதிவு போட்டுவிட்டு அழித்திருக்கிறார். என்ன பேசினார் என்று சொல்லத் தயங்கினார், மகனை வெளியே அனுப்பிய பிறகே சொன்னார். எதிர்த்தரப்பு அதைக் கேட்டிருக்க வாய்ப்புண்டு, எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதைவிடச் சிக்கலானது, தனக்கு மட்டும் அழிப்பது. அதற்கு அறிவிப்பு வரியே கிடையாது. ஆகவே "நடுவில் அந்தம்மா தனக்குப் பாதகமானதை எடுத்துவிட்டார்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் ஸ்கிரீன்ஷாட்டால் மறுக்க முடியாது. இரண்டு போன்களையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

அதனால் ஸ்கிரீன்ஷாட்டை நான் தொடக்கமாக மட்டுமே வைத்துக்கொள்வேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் கேட்கிறது. அதன் முதல் பகுதியில் போனை வைத்திருப்பவரும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறியான ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும், பின்னால் திருத்தம் நடந்ததா என்று அதை வைத்துப் பார்ப்பார்கள். அம்மாவிடம் செயலியை நீக்கவோ போனை மாற்றவோ வேண்டாம் என்றேன். எண் தெரியும் பக்கத்தில் தொடங்கி உரையாடல் முழுவதையும் மேலிருந்து கீழாக வீடியோவாக எடுக்கவைத்தேன். உரையாடலை ஏற்றுமதி செய்து கோப்பாகவும் வாங்கிக்கொண்டேன். "சரிப்பா" என்ற பதிலை அழுத்திப் பிடித்தால் Message info பக்கத்தில் அது போய்ச் சேர்ந்த நேரமும் படிக்கப்பட்ட நேரமும் வரும். அதையும் பிடித்தோம்.

மேற்கோளை மட்டும் நம்பி வழக்குப் போட நான் துணிய மாட்டேன். மாற்றியமைத்த செயலியில் போலி மேற்கோள் செய்யலாம் என்ற வாதம் வரும், அது வெறும் கற்பனையும் இல்லை. இங்கே பண்ருட்டியிலிருந்து புதுச்சேரிக்குப் போன சரக்கு மாநில எல்லையைத் தாண்டியது. மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால், சரக்கை அனுப்பும்போது ஜிஎஸ்டி விதிப்படி இணையத்தில் எடுக்கும் இ-வே பில் போட்டிருந்தார்கள். அதில் 40 டின், வண்டி எண், தேதி எல்லாம் இருந்தன. லாரி ரசீதில் கடைப் பையன் வாங்கியதாகக் கையெழுத்து. மேற்கோளில் நின்ற "40 டின்" இவற்றோடு பொருந்தியது.

நோட்டீஸ் அனுப்பினோம். பதிலில் சரக்கு வரவில்லை என்ற பேச்சே இல்லை. மூன்று டின்னில் பருப்பு உடைந்திருந்தது, அதற்குக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.