ஒரே பெட்டியில் மூன்று பேனாக்கள்

கடும் ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் குத்திக்கொள்ளும் ‘எபிபென்’ என்ற ஊசிப் பேனாவை அமெரிக்காவில் வாங்கினால், பெட்டிக்குள் மூன்று பேனாக்கள் இருக்கும். இரண்டில் அட்ரினலின் மருந்து, மூன்றாவது பயிற்சிப் பேனா. மூன்றிலும் ஊசி வெளியே தெரியாது. அவசரத்தில் பையிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதில் ஒவ்வாமை கண்டவரின் உயிர் இருக்கிறது.

மருந்துப் பேனாவின் லேபிளை முதலில் பார்ப்போம். மஞ்சள் நிறம் என்றால் 0.3 மில்லிகிராம், 30 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு. பச்சை என்றால் 0.15 மில்லிகிராம், 15 முதல் 30 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு. இங்கே பலர் தடுமாறுவது, இரண்டு லேபிள்களிலும் 0.3 மில்லிலிட்டர் என்றே போட்டிருப்பதால். அது உடலுக்குள் செலுத்தப்படும் திரவத்தின் அளவு. குழந்தைகளுக்கான பேனாவில் திரவத்தில் உள்ள மருந்தின் செறிவுதான் பாதி. ஆகவே மில்லிகிராமைப் படிக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: குழாயில் சுமார் 2 மில்லிலிட்டர் இருக்கும். குத்திய பிறகும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுவதால், மருந்து இறங்கவில்லையோ என்று பதற வேண்டாம்.

காலாவதித் தேதியாக மாதமும் வருடமும் மட்டும் குறித்திருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு. மார்ச் 2026 என்றிருந்தால் மார்ச் 31 வரை. ஆனால் தேதி மட்டும் போதாது. அட்ரினலின் காற்றிலும் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதையும் பொருள். சிதைந்தால் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும். அதைப் பார்க்கத்தான் பேனாவின் பக்கவாட்டில் சிறு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். திரவம் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். நிறம் மாறியிருந்தாலோ துகள் மிதந்தாலோ, தேதி பாக்கியிருந்தாலும் புதியது வாங்கியாக வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்த பேனாவுக்கு இந்தக் கதி நேரலாம். குளிர்சாதனப் பெட்டியும் கூடாது.

தேதி தாண்டினால் மறுநாளே அது வெறும் தண்ணீர் ஆகிவிடுவதில்லை. வீரியம் மெல்லக் குறையும். 2018 ஆகஸ்டில் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே குறிப்பிட்ட சில தொகுதிகளின் காலத்தை நான்கு மாதம் நீட்டியது. அதற்காகப் பழையதை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம் என்பதல்ல. மூச்சுத் திணறும்போது கையில் வேறு எதுவுமில்லை, திரவமும் தெளிவாக இருக்கிறது என்றால், ஒன்றுமே போடாமல் இருப்பதைவிடப் பழையதைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைப்பது மேல்.

இனி அந்த மூன்றாவது பேனா. சாம்பல் நிறத்தில் இருக்கும், உள்ளே ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நீல மூடியை இழுத்து, ஆரஞ்சு நுனியைத் தொடையின் வெளிப்பக்கம் அழுத்தி, ‘கிளிக்’ கேட்டதும் மூன்று எண்ணும் வரை பிடித்திருக்கப் பழகுவதற்காக மட்டுமே. பயிற்சி முடிந்ததும் நீண்ட ஆரஞ்சு நுனியை உள்ளே தள்ளி, நீல மூடியைப் பழையபடி மாட்டலாம். உண்மைப் பேனாவில் அந்த நுனி ஊசியை மூடிப் பூட்டிக்கொள்ளும். திரும்பத் தள்ள முடியாது. குத்தும்போது ஏற்படும் சுருக்கென்ற வலியைப் பயிற்சி கற்றுத்தராது. அந்த நொடியில் குழந்தை காலை உதறிக்கொள்ளும் என்பதால், காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே பழக வேண்டும்.

பழகி முடித்ததும் சாம்பல் பேனாவை வீட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பையில் போகவேண்டியவை மற்ற இரண்டு மட்டுமே.