ஸ்டோமா கறுத்தாலும் வலிக்காது

சர்ஜரி வார்டுக்கு வரும் மாணவிகளிடம், பெருங்குடலை வயிற்றுச்சுவர் வழியே வெளியே திறந்துவிடும் கொலாஸ்டமி ஆபரேஷன் பற்றிப் பேசும்போது முதலில் நான் சொல்வது இதைத்தான். வயிற்றின் மேல் தெரியும் குடலின் வாயான ஸ்டோமாவில் தொட்டாலோ வெட்டினாலோ வலி தெரியாது. குடலின் உட்புறச் சவ்வில் அதற்கான நரம்பு இல்லை. அதனால் ரத்த ஓட்டம் குறைந்தாலும் நோயாளி "ஒன்றும் பண்ணலையே சிஸ்டர்" என்றுதான் சொல்வார். கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

நல்ல ஸ்டோமா கன்னத்தின் உட்புறம் போல இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ ஈரப்பளபளப்புடன் இருக்கும். துடைக்கும்போது துளி ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், லேசாக அழுத்தினால் நின்றுவிடும். உள்ளிருந்து ரத்தம் வந்தால் அது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும்.

ஒரு நோயாளியின் கதை. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள். ஸ்டோமாவின் மேல் ஒட்டிய, மலம் சேரும் பையின் உள்ளே நீராவி படிந்திருந்ததால் ஸ்டோமா மங்கலாகத் தெரிந்தது. மாணவி அதை அப்படியே 'நன்றாக உள்ளது' என்று எழுதப் போனார். பையைத் திறந்து, வெள்ளை ஒளி டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். நடுப்பகுதி சிவப்பு, ஆனால் ஓரத்தில் ஒரு பக்கம் கருஊதா. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இது தப்பிவிடும். பையைத் தோலோடு பிடிக்கும் ஒட்டுத்தட்டின் துளை ஸ்டோமாவை இறுக்குகிறதா என்று முதலில் பார்த்தோம். இறுக்கவில்லை. உடனே சர்ஜனுக்குத் தகவல் போனது.

அவர் வழுவழுப்பு ஜெல் தடவிய கண்ணாடிச் சோதனைக் குழாயை மெதுவாக உள்ளே விட்டு, டார்ச் அடித்தார். சற்று ஆழத்தில் குடல் நல்ல சிவப்பாக இருந்தது. அதாவது பாதிப்பு மேல்புறத்தில் மட்டும். வயிற்றுச்சுவரின் உறுதியான உறையைத் தாண்டி உள்ளேயும் கறுத்திருந்தால் மறு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும். இவருக்குக் காத்திருந்தார்கள். இறந்த மேல் திசு சில நாட்களில் தானே உரிந்தது. பின்னால் ஸ்டோமாவின் வாய் சுருங்கலாம் என்பதால் தொடர்ந்து பார்த்துவந்தோம். இந்தச் சோதனையை நீங்கள் செய்யக் கூடாது, சர்ஜன்தான் செய்ய வேண்டும். உங்கள் வேலை நிறத்தையும் ஈரத்தையும் எந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்பதையும் எழுதுவது. 'ஓரம் கருஊதா, கடிகாரத்தின் 3 மணி திசை' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு ஒப்பிட முடியும்.

வீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கும் இதையே எளிதாகச் சொல்லுங்கள். பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சிறுத்துக்கொண்டே வரும், அதனால் பழைய அளவில் துளை வெட்டாமல் அளந்து வெட்டச் சொல்லுங்கள். ஊதா நிறம் தெரிந்தால் தட்டைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கம்தான் காரணமென்றால் சில நிமிடங்களில் சிவப்பு திரும்பும். திரும்பவில்லை, அல்லது கறுப்பாகிவிட்டது என்றால், வலி இல்லையே என்று காலை வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்கு வர வேண்டும்.