ஃபேக்டரியைப் பெரிதாக்கும் முன் லாரிக் கூலியைக் கணக்குப் பாருங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரிகள் விரிவாக்கத்துக்குக் கடன் கேட்கும்போது, திட்ட அறிக்கையில் கட்டடமும் இயந்திரமும் விரிவாக இருக்கும். இலை எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். செலவு ஏறத் தொடங்குவதே அந்த வரியில்தான்.

கணக்கு எளிதாக இருக்க, 4 கிலோ இலைக்கு 1 கிலோ தூள் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் ரூபாய்க் கணக்கும் உதாரணத்துக்குத்தான். தினம் 10 டன் இலை அரைக்கும் ஃபேக்டரியில், இலை விலை போக, கிலோ தூளுக்குத் தயாரிப்புச் செலவு 40 ரூபாய். 20 டன்னுக்குக் கட்டினால் 32, 40 டன்னுக்கு 28, 80 டன்னுக்கு 27. இலை இரட்டிப்பதால் டீமேக்கரும் கணக்குப்பிள்ளையும் இருமடங்காகத் தேவைப்படுவதில்லை. பெரிய டிரையரில், தூளின் அளவோடு ஒப்பிட்டால், சுவர் வழியே வீணாகும் சூடு குறைவு. இதுதான் பேரளவு உற்பத்தியின் சிக்கனம். ஆனால் 40 டன்னைத் தாண்டியதும் ஒரு ரூபாய்தான் மிச்சம் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது இலைச் சுமைக்கூலி. இருமடங்கு இலைக்கு இருமடங்கு பரப்பு வேண்டும். அப்படியானால் சுற்றுவட்டத்தின் ஆரம் சுமார் 1.4 மடங்காகும். கிலோ தூளுக்கு 6 ரூபாயாக இருந்த கூலி 8.50, 12, 17 என்று ஏறும். கொண்டை ஊசி வளைவுகளில் நிஜச் சாலைத் தூரம் இன்னும் மோசம். இரண்டையும் கூட்டினால் 46, 40.50, 40, 44. இந்த நான்கு புள்ளிகளை இணைத்தால் கிடைப்பதுதான் நீண்டகாலச் சராசரிச் செலவுக் கோடு. 20 முதல் 40 டன் வரை அடிப்பகுதி ஏறக்குறைய தட்டை. அதற்கு மேல் போனால் சிக்கனமின்மை.

கூலியோடு இது நிற்பதில்லை. சாக்கில் அழுத்திக் கட்டிய இலை மணிக்கணக்கில் லாரியில் கிடந்தால் சூடேறும். சாக்கின் நடுவே கையை விட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பும், சிவந்த இலையும் இருந்தால் கெடத் தொடங்கிவிட்டது. வதக்கும் தொட்டியில் அதைச் சரிசெய்ய முடியாது. அந்த நஷ்டம் ஏலத்தில் விலையாகத் தெரியும், செலவுக் கோட்டில் தெரியாது.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. உறைபனிக் காலத்தில் 40 டன் ஃபேக்டரிக்கு 15 டன்தான் இலை வருகிறது, கிலோவுக்குச் செலவு எகிறுகிறது. "பெரிதாகக் கட்டியதால் வந்த வினை" என்பார்கள். இது சிக்கனமின்மை அல்ல. கட்டிய ஃபேக்டரி மாறாமல் உற்பத்தி மட்டும் குறைவதால், அந்த ஃபேக்டரியின் குறுகியகாலக் கோட்டின் மீது நாம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறோம், அவ்வளவே. நீண்டகாலக் கோடு என்பது ஒவ்வொரு உற்பத்தி அளவுக்கும் பொருத்தமான ஃபேக்டரியையே கட்டியிருந்தால் ஆகும் மிகக் குறைந்த செலவு. குறுகியகாலக் கோடுகள் எல்லாவற்றையும் அடியிலிருந்து தாங்கி நிற்பது. ஆகவே அறிக்கையில் வருடச் சராசரி இலை வரத்தை மட்டும் போடாதீர்கள். மாதவாரியாக எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் கிலோ செலவைப் போட்டுப் பாருங்கள். 40 டன்னுக்கும் 20 டன்னுக்கும் இடையே இருந்த அந்த 50 பைசா லாபம் இரண்டு பனி மாதங்களிலேயே கரைந்துபோகலாம்.