நிறுத்தச் சொன்ன நம்பருக்குத் திரும்பவும் மெசேஜ் போவது ஏன்?

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். காசாளர் பில் போடும்போது, “நம்பரைச் சொல்லுங்க அக்கா” என்கிறார். அக்காவும் சொல்கிறார். பில்லுக்காகத்தான் கேட்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. அடுத்த வாரம் தள்ளுபடி மெசேஜ் வருகிறது. நம்பர் தந்தார், ஆனால் மெசேஜுக்குச் சம்மதிக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பர மெசேஜுக்குச் சம்மதம் கேட்கிறது. கட்டணமில்லாமல் விலகும் வழியையும் சொல்லச் சொல்கிறது.

பில்லோடு ஒரு சிறு துண்டு போதும்: “புதுச் சரக்கு, தள்ளுபடி பற்றி மாதம் இரண்டு எஸ்எம்எஸ் அனுப்பலாமா?” பக்கத்தில் காலிப் பெட்டி, கீழே திகதி. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பெட்டியில் கடைக்காரரே முன்கூட்டிச் சரி போட்டு வைத்தால் அது சம்மதமே இல்லை.

விலகுவதில்தான் சிக்கல் கூட. கடைப் பெயரில் போகும் எஸ்எம்எஸுக்குப் பதில் அனுப்ப முடியாது. அதன் அடியில் “STOP என்று பதில் அனுப்பவும்” என்று போடுவது வாடிக்கையாளரை மூடிய கதவில் தட்டச் சொல்வது போல. மிஸ்ட் கோல் கொடுக்க ஒரு நம்பர் வையுங்கள், அவருக்கும் செலவில்லை. இடம் போதாதென்று இந்த வரியைத்தான் பலர் முதலில் வெட்டுகிறார்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸுக்கு 70 குறிகள்தான். “வேண்டாம்” என்ற நாலெழுத்தே 8 குறியாக எண்ணப்படும். வெட்டுவதென்றால் வாழ்த்தை வெட்டுங்கள்.

இனி அந்த அக்கா நிறுத்தச் சொல்கிறார். பணியாளர் எக்செலில் அவருடைய வரியை அழிக்கிறார். தீபாவளிக்கு முன் பழைய பில் கொப்பியிலிருந்து பட்டியலைப் புதுப்பிக்கும்போது நம்பர் திரும்ப ஏறிவிடுகிறது. அழித்ததால், அவர் மறுத்ததற்கான தடயமும் போய்விட்டது. ஆகவே அழிக்காமல், அதே எக்செல் கோப்பில் STOP என்ற தனித்தாளில் திகதியோடு நம்பரை எழுதி வையுங்கள். அந்தத் தாளில் நம்பரும் திகதியும் போதும், வேறு விவரம் வேண்டாம்.

அதுவும் போதாது. ஒரே நம்பர் ஓரிடத்தில் 077 என்று தொடங்கும், இன்னோரிடத்தில் +9477 என்று; எக்செல் முன் பூச்சியத்தைத் தின்றுவிட்டால் வெறும் 77. கணினிக்கு இவை மூன்று வேறு ஆட்கள். இரு தாள்களிலும் இடைவெளி, கோடுகளை நீக்கி, கடைசி 9 இலக்கத்துக்கு முன் 94 சேர்த்து ஒரே வடிவாக்குங்கள். இரு தாள்களிலும் A நிரலில் பழைய நம்பரை வைத்து, B2 கட்டத்தில் முதல் வரியைப் போடுங்கள்; STOP தாளில் திகதி C நிரலுக்குப் போகட்டும். இரண்டாவது வரி அனுப்பும் பட்டியலின் C2 கட்டத்துக்கு மட்டும். பிறகு கீழ் வரிகளுக்கும் நகலெடுங்கள்:

```
="94"&RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(A2," ",""),"-",""),9)
=COUNTIF(STOP!B:B,B2)
```

அனுப்பும் பட்டியலின் C நிரலில் 0 வந்தவர்களுக்கு மட்டும் அனுப்பலாம். இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்குச் சற்று முன் செய்யுங்கள். முந்தைய நாள் எடுத்து வைத்த பட்டியலில் அன்று காலை வந்த மிஸ்ட் கோல் இருக்காது.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் சேர்ப்பது இதைவிட மோசம். ஒருவருடைய நம்பர் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். விலகினாலும் பார்த்தவர்கள் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்க முடியாது.