பேப்பர் போடும் முன் லெட்டர் கையில் இருக்கட்டும்

நீலகிரியில் ஹோட்டல், ரிசார்ட்டுகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மார்ச் மாதம் வந்தால் போன் ஓயாது. சீசனுக்கு முன் எல்லோருக்கும் அவசரம்.

போன மார்ச்சில் குன்னூர் ரிசார்ட் ஒன்றின் ஃப்ரண்ட் ஆபீஸில் இருந்த தம்பி கூப்பிட்டார். "அக்கா, கோத்தகிரியில செலக்ட் ஆயிட்டேன். முப்பத்திரண்டாயிரம். ஒண்ணாம் தேதி வரச் சொல்றாங்க. இன்னிக்கே பேப்பர் போட்டுடவா?"

அப்போது அவர் வாங்கியது 24,000. மேனேஜர் போனில் சொன்னதைத் தவிர அவர் கையில் எதுவும் இல்லை. ராஜினாமா கொடுத்தபின் முதலாளி மனம் மாறினால் இவர் எதைக் காட்டி நியாயம் கேட்பார்? அன்றே ஒரு மெயில் போடச் சொன்னேன்: "வாய்ப்புக்கு நன்றி. பதவி, சம்பளப் பிரிவு, சேரும் தேதி குறிப்பிட்ட ஆஃபர் லெட்டர் கிடைத்ததும் ராஜினாமா கொடுத்து, 30 நாள் நோட்டீஸ் முடித்து வந்து சேர்கிறேன்."

இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அவருக்குப் பயம். ஒழுங்காக நடத்தும் இடத்தில் கோபப்பட மாட்டார்கள். "முதல்ல ரிசைன் பண்ணுங்க, லெட்டர் அப்புறம்" என்று ஒரு நிர்வாகம் அடம் பிடித்தால், அந்த இடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டு நாளில் லெட்டர் வந்தது. 32,000 என்றுதான் இருந்தது. ஆனால் அதில் 7,000 சர்வீஸ் சார்ஜ் பங்கு. ஏப்ரல், மே மாதங்களில் அது கிடைத்துவிடும். மழைக்காலத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது எங்கிருந்து வரும்? நிலையான சம்பளம் 25,000. தங்குமிடத்துக்கு 2,000 பிடித்தம். ஆக 23,000, பழைய சம்பளத்தைவிடக் குறைவு. கடைசி வரியில் "உரிமையாளர் ஒப்புதலுக்கு உட்பட்டது" என்று வேறு இருந்தது. சேரும் தேதியே இல்லை. அப்படிப்பட்ட தாளை நம்பி வேலையை விடக்கூடாது.

நிலையான சம்பளத்தை 28,000 ஆக்கவும், ஒப்புதல் வரியை எடுக்கவும், ஏப்ரல் 17 என்று தேதி போடவும் கேட்டு எழுதினார். மார்ச் 16 அன்று கையெழுத்தோடு திருத்திய லெட்டர் வந்தது. தங்குமிடப் பிடித்தம் மட்டும் மாறவில்லை. அப்படியும் 26,000 நிச்சயம்.

இங்கே பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். லெட்டர் வந்தால் மட்டும் போதாது, ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நாம் ஏற்கும்வரை கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். ஏற்றபின்னும் சிலர் கைவிரிப்பதுண்டு. ஆனால் அப்போது கேள்வி கேட்க நம்மிடம் தாள் இருக்கும்.

அன்று மாலையே தம்பி பதில் அனுப்பினார். லெட்டரையும் மெயிலையும் சொந்த மெயில் ஐடியில் சேமித்துக்கொண்டார். மறுநாள் 17ஆம் தேதி காலை டியூட்டிக்குப் போனதும் ராஜினாமாவைக் கொடுத்தார்.