ஆறு மணி இரண்டு நிமிடமா, ஆறு நாற்பத்தொன்பதா?

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றி நடத்துகிறார்கள். அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவருக்கு அரைநாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. காலை 6 மணி ஷிப்டுக்கு அவர் 6:49க்குத்தான் வந்தார் என்றது ரிப்போர்ட். "ஆறு மணிக்கெல்லாம் வந்துட்டேன் தம்பி. பால்காரருக்குப் பின்கட்டுக் கதவைத் திறந்ததே நான்தான்" என்றார் அவர். அந்த வருகைப்பதிவுச் செயலியைப் பராமரிப்பவன் நான். அதனால் தணிக்கைத் தடத்தைத் திறந்து பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

ரிப்போர்ட் வேறு, தணிக்கைத் தடம் வேறு. ரிப்போர்ட் சுருக்கம் மட்டுமே. யார், எப்போது, எந்தப் போனிலிருந்து, எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று வரிவரியாக வைத்திருப்பது தணிக்கைத் தடம். அந்த அக்காவின் வரி இப்படி இருந்தது:

```
event        = SHIFT_START
device_time  = 00:32:11Z
received_at  = 01:19:08Z
elapsed_tap  = 412305
elapsed_sent = 415122
```

கடைசியில் இருக்கும் Z உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே போன் சொல்வது காலை 6:02:11, சர்வர் சொல்வது 6:49:08. ரிப்போர்ட் எடுத்துக்கொண்டது இரண்டாவதை.

ஏன் இரண்டு நேரம்? நம் பக்கத்து வீடுகளின் சுவர் கனம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். முகப்பில் சிக்னல் நன்றாக இருக்கும். வளவைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் ஒரு கோடுகூட இருக்காது. பொத்தானை அழுத்தியதும் போன் அதைத் தனக்குள் குறித்து வைத்துக்கொண்டது. காபித் தட்டோடு அவர் முகப்புக்கு வந்த பிறகுதான் செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது.

"போன் நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாமே?" என்று சூப்பர்வைசர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. போனுக்குள் கடிகாரம் தவிர இன்னொரு எண்ணிக்கையும் ஓடுகிறது. போனை ஆன் செய்ததிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பது அது. செட்டிங்ஸில் கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்தினாலும் அது அசையாது. திரை அணைந்திருந்தாலும் நிற்காது. அழுத்தியபோது 412305, அனுப்பியபோது 415122. வித்தியாசம் 2817 விநாடி, அதாவது 46 நிமிடம் 57 விநாடி. சர்வரில் வந்து சேர்ந்த 6:49:08இலிருந்து அதைக் கழித்தால் 6:02:11. போன் கடிகாரத்தை நம்பாமலே அதே விடை வருகிறது.

அவர் 6:48க்கு வந்து, கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு அழுத்தியிருந்தால் இந்த வித்தியாசம் அறுபது விநாடி அளவில்தான் இருந்திருக்கும். பொய் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு வரம்பு உண்டு. இடையில் போனை அணைத்து மறுபடி ஆன் செய்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தக் கணக்கு செல்லாது.

வேலை முடிந்ததாகக் காட்டும் பதிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். அதே நாளில் ஆறு அறைகளும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்ததாகப் பதிவாகியிருந்தன. இங்கே போன் நேரமே அப்படித்தான் இருந்தது, சிக்னலைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து அழுத்தியிருக்கிறார். பொத்தானை அழுத்திய நேரம்தான் தடத்தில் இருக்கும். துடைப்பம் நகர்ந்த நேரம் இருக்காது. வேலை நடந்ததா என்பதற்குத் துணிக்கணக்கு நோட்டைத்தான் பார்த்தோம். ஆறு அறைகளின் படுக்கை விரிப்புகளும் சலவைக்குப் போனதாக அதில் எழுதியிருந்தது. ஒரே போனைப் பலர் பயன்படுத்தும் இடங்களிலும் இதே சிக்கல்தான்: யாருடைய லாகின் என்று தெரியும், யாருடைய விரல் என்று தெரியாது.

பிறகு திருத்தம். பேரேட்டில் தப்பான பற்றை அழிக்க மாட்டார்கள். எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்வார்கள். நல்ல தணிக்கைத் தடமும் அப்படித்தான். நான் 6:49ஐ 6:02 என்று திருத்தியபோது பழைய வரி அப்படியே இருந்தது. திருத்தியவர், நேரம், காரணம் ஆகியவற்றோடு புது வரி ஒன்று கீழே சேர்ந்தது. பழைய மதிப்பு காணாமல் போகும் செயலியென்றால் அதன் பதிவை நான் சாட்சியாக மதிக்க மாட்டேன்.

தகராறு நீதிமன்றம் வரை போனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிடும் ஒரு குறியீடு, இருக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அதனால் சண்டை தொடங்கிய அன்றே தடத்தை முழுதாக இறக்கி, ஹாஷ் எடுத்து, இரு தரப்பிடமும் கொடுத்துவிடுவது நல்லது.

இங்கே அவ்வளவு தூரம் போகவில்லை. கழித்தல் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். சூப்பர்வைசர் இரண்டு முறை சரிபார்த்தார். அரைநாள் சம்பளம் திரும்ப வந்தது. ரிப்போர்ட்டில் இப்போது அழுத்திய நேரமும் வந்து சேர்ந்த நேரமும் தனித்தனிக் கட்டத்தில் வருகின்றன.